கத்திக்கு எட்டாத கட்டி

1960-களின் தொடக்கத்தில் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு சோதனை நடத்தியது. அதில் சேர்ந்த 144 பேருக்கும் நுரையீரலில் ஸ்மால் செல் வகைப் புற்றுநோய். எல்லோருமே அறுவை சிகிச்சைக்கு ஏற்றவர்கள் என்று மருத்துவர்கள் முடிவு செய்தவர்கள்தான். கட்டி மார்புக்குள் ஒரு பக்கத்தோடு நின்றது. வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. உடம்பும் பெரிய அறுவையைத் தாங்கும் என்று தோன்றியது. குலுக்கல் முறையில் 71 பேரை அறுவைக்கும் 73 பேரைக் கதிர்வீச்சுக்கும் பிரித்தார்கள்.

பத்தாண்டுக் கணக்கு 1973-ல் வெளிவந்தது. அறுவைப் பிரிவினர் சராசரியாக 199 நாள் வாழ்ந்திருந்தார்கள். கதிர்வீச்சுப் பிரிவினர் 300 நாள். இரண்டுமே வருத்தமான எண்கள்தான். ஆனால் கட்டியை வெட்டி எடுக்கப் போனவர்கள் முன்னதாகவே இறந்தார்கள் என்பது அறுவை நிபுணர்களை உலுக்கியது. அறுவைப் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கட்டியை முழுதாக எடுக்க முடிந்திருந்தது. அப்படி எடுத்தும் பயனில்லை. எக்ஸ்ரேயில் ஒரே இடத்தில் தெரிந்த நோய், அதற்குள் ரத்தத்தின் வழியே கல்லீரலுக்கும் எலும்புக்கும் மூளைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

இன்றைக்கும் புற்றுநோய் மருத்துவமனைகளில் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். “கட்டி ஒரு இடத்துலதானே இருக்கு சார், ஆபரேஷன் பண்ணி எடுத்துட முடியாதா?” அதற்குப் பதில் கட்டியின் அளவில் மட்டும் இல்லை. கட்டி எந்த வகைச் செல்லால் ஆனது என்பதில் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து ஸ்மால் செல். மீதியில் மிகப் பெரிய பங்கு அடினோகார்சினோமா. சுருக்கமாக அடினோ என்பார்கள். உறுப்பு ஒன்றே தவிர, இவை பிறக்கும் இடம், வளரும் வேகம், புகையோடு உள்ள உறவு, கேட்கும் மருந்து எல்லாமே வேறு.

ஸ்மால் செல் பெரும்பாலும் நுரையீரலின் நடுப்பகுதியில், பெரிய மூச்சுக்குழாய்களை ஒட்டி முளைக்கிறது. ஹார்மோன் போன்ற பொருள்களைச் சுரக்கும் தன்மை கொண்ட நரம்பு-நாளமில்லாச் செல்களின் குணம் அதற்கு உண்டு. அடினோ நுரையீரலின் ஓரங்களில், காற்றறைகளை ஒட்டி, சளி போன்ற திரவம் சுரக்கும் செல்களின் வழியில் வருகிறது. ஸ்மால் செல் கட்டி இரட்டிப்பாகப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் போதும். அடினோவுக்கு ஆறு மாதத்துக்கு மேலாகலாம், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்காகும். அதனால்தான் ஸ்மால் செல் என்று தெரியவரும்போதே மூன்றில் இரண்டு பேருக்கு நோய் மார்பைத் தாண்டிப் போயிருக்கிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் அடினோவை ஆரம்பத்திலேயே பிடித்துக் கொடுக்கிறது, ஸ்மால் செல்லுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. போன ஸ்கேனில் இல்லாத கட்டி அடுத்த ஸ்கேனுக்குள் வளர்ந்து பரவியும் முடித்திருக்கும்.

இனி புகைக்கு வருவோம். 1950-ல் அமெரிக்காவில் வைண்டரும் கிரஹாமும், பிரிட்டனில் டாலும் ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கணக்கோடு காட்டினார்கள். அந்த நாளிலேயே ஒரு வேறுபாடு கண்ணில் பட்டது. ஸ்மால் செல், ஸ்குவாமஸ் என்ற இரண்டு வகைகள் புகையோடு இறுகப் பிணைந்திருந்தன. அடினோவுக்கு அந்தப் பிணைப்பு தளர்வாகத் தெரிந்தது. நார்வே நோயியலாளர் கிரைபெர்க் இதை வைத்து நுரையீரல் புற்றுநோயை இரண்டு குழுவாகவே பிரித்தார்: புகையால் வருவது ஒன்று, புகையோடு பெரிய தொடர்பில்லாத அடினோ இன்னொன்று. அன்றைய நோயாளிகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான பிரிவினைதான்.

பிறகு சிகரெட் மாறியது. 1950-களில் ஃபில்டர் வந்தது. அதைத் தொடர்ந்து ஃபில்டரைச் சுற்றி நுண்ணிய துளைகள் போட்டுக் காற்றைக் கலந்து, ‘லைட்’ என்ற பெயரில் விற்றார்கள். புகையின் காரம் குறைந்தது. நிகோடினும் குறைந்ததால், பழகிய உடம்பு பழைய அளவைப் பெறுவதற்காக ஆழமாக இழுக்கத் தொடங்கியது. முன்பு பெரிய மூச்சுக்குழாயோடு நின்ற புகை நுரையீரலின் ஓரம் வரை போனது. சிகரெட்டில் கலக்கும் புகையிலையும் மாறி, அதிலிருந்த நைட்ரோசமைன் என்ற நச்சு கூடியது. விலங்குச் சோதனைகளில் அடினோ வகைக் கட்டிகளைத் தூண்டும் நச்சு அது. அடுத்த சில பத்தாண்டுகளில் அமெரிக்காவில் அடினோ ஏறிக்கொண்டே போய் முதலிடத்துக்கு வந்தது. சிகரெட்டின் வடிவமைப்பில் வந்த மாற்றமே இந்த ஏற்றத்துக்குக் காரணம் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரின் 2014-ஆம் ஆண்டு அறிக்கை முடிவு சொன்னது. பாதுகாப்பு என்று விற்கப்பட்ட ஃபில்டர் நோயை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தியிருக்கிறது. புகையிலை வியாபாரம் செய்த ஏமாற்றுகளில் இதைவிட மோசமானது அதிகமில்லை என்பது என் எண்ணம்.

ஆக, அடினோ புகைக்குச் சம்பந்தமில்லாத நோய் அல்ல. புகைபிடிப்பவருக்கு அடினோ வரும் வாய்ப்பும் பல மடங்கு கூடுகிறது. ஆனால் பெருக்கம் ஸ்மால் செல்லில் உள்ள அளவுக்கு இல்லை. ஸ்மால் செல் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரும் புகைத்தவர்கள். மாறாக, வாழ்நாளில் புகையைத் தொடாதவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தால் அது பெரும்பாலும் அடினோ. “எங்க வீட்டுல யாரும் பீடிகூடத் தொட்டதில்லையே” என்று திகைத்து நிற்கும் குடும்பங்கள் அதிகமும் இந்த வகையைச் சேர்ந்தவை.

புகை செய்யும் வேலையை மரபணுவில் நேரடியாக எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஸ்மால் செல் நோயாளியின் புற்றுச்செல்லிலிருந்து வளர்த்த செல்வரிசையின் மொத்த டி.என்.ஏ.வையும் பிரிட்டன் ஆய்வாளர்கள் எழுத்தெழுத்தாகப் படித்து 2010-ல் வெளியிட்டார்கள். இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் மாறிக் கிடந்தன. அவற்றில் பெரும்பகுதி சிகரெட் புகையிலுள்ள ரசாயனங்கள் விட்டுப்போகும் அதே வகைக் கீறல்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சராசரியாக 15 சிகரெட்டுக்கு ஒரு மாற்றம். பெரும்பாலான மாற்றங்கள் தீங்கு செய்வதில்லை. தீங்கு செய்பவை, வளர்ச்சியை அடக்கி வைக்கும் இரண்டு மரபணுக்களில் விழுபவை. ஒன்றின் பெயர் டிபி53, மற்றொன்று ஆர்பி1. ஸ்மால் செல் கட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த இரண்டுமே செயலிழந்திருக்கும்.

புகைக்காதவரின் அடினோவில் கதை வேறு. அங்கே மாற்றங்கள் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒன்று முழு நோயையும் நடத்துகிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு புரதம், செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிச் சுவிட்சாக இருப்பது. வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால் எரியும், இல்லாவிட்டால் அணைந்திருக்கும். அதன் மரபணுவில் குறிப்பிட்ட ஒரு பகுதி அறுந்துபோனாலோ, ஒரே ஒரு எழுத்து மாறினாலோ சுவிட்சு ஓயாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஆல்க் என்ற இன்னொரு மரபணு இதே வேலையைச் சிலரிடம் செய்கிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் மேற்கத்திய அடினோ நோயாளிகளைவிட ஆசியர்களிடம் அதிகம். சீனா, ஜப்பான், கொரியா பக்கம் பாதி நோயாளிகள் வரை. இந்தியா நடுவில் நிற்கிறது.

சிகிச்சை ஏன் பிரிகிறது என்பதற்கு விடை இங்கேதான். ஓயாமல் வேலை செய்யும் புரதம் ஒன்று இருந்தால், அதில் போய் ஒட்டி அதை நிறுத்தும் மாத்திரை செய்யலாம். ஸ்மால் செல்லில் நோயை நடத்துவது ஒரு புரதம் இருப்பதல்ல, இரண்டு புரதங்கள் இல்லாமல் போனது. இல்லாததில் மருந்து ஒட்ட முடியாது. உடம்பெங்கும் சிதறிய கோடிக்கணக்கான செல்களில் தொலைந்த மரபணுவைத் திரும்ப வைக்கவும் வழி இல்லை. அதனால் ஸ்மால் செல்லில் வேறு பலவீனத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இடைவிடாமல் பிரிகிற செல், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் சுலபமாகச் சாகும். அதன் வேகமே தொடக்கத்தில் மருத்துவருக்கு உதவுகிறது.

இப்படிப்பட்ட நோயாளிகள் இருவரைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு நடைமுறையைப் பார்ப்போம். முதலாமவர் அறுபது வயதுக்காரர்; முப்பத்தைந்து வருடமாகப் பீடி. காலையில் எழுந்தால் முகம் ஊதியிருக்கிறது, கழுத்து நரம்புகள் புடைத்து நிற்கின்றன. சில நாளாகப் பேச்சில் குழப்பம். ரத்தத்தில் சோடியம் 118. இயல்பாக 135-க்குக் குறையக்கூடாது. முகம் ஊதக் காரணம், மார்பின் நடுவிலுள்ள கட்டி தலையிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக் குழாயை நெரிப்பது. சோடியம் இறங்கக் காரணம், கட்டியே உடம்பில் நீரைத் தேக்கும் ஹார்மோனைச் சுரப்பது. இரண்டும் சேர்ந்து வந்தால் அனுபவமுள்ள மருத்துவர் பயாப்ஸி முடிவுக்கு முன்பே ஸ்மால் செல்லைச் சந்தேகிப்பார்.

மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுச் சதை எடுக்கிறார்கள். நுண்ணோக்கியில் சிறிய, நீலம் பாரித்த செல்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக் கிடக்கும். கரு மட்டுமே தெரியும், சுற்றியுள்ள சதைப்பாகம் ஏறக்குறைய இராது. அடினோ என்றால் செல்கள் பெரிதாக, சுரப்பி வளையங்களாக அமைந்திருக்கும். ஆனால் எடுக்கும் துணுக்கு அரிசி அளவுகூட இருப்பதில்லை. ஸ்மால் செல் மென்மையானது. இடுக்கி பிடித்த அழுத்தத்திலேயே நசுங்கிச் சிதைந்துவிடும். ஆகவே சாயப் பரிசோதனை தேவை. இதில் ஒரு கண்ணி உண்டு. நுரையீரல் கட்டி என்று காட்டுவதற்கு வழக்கமாகப் போடும் டி.டி.எஃப்-1 என்ற சாயம் இரண்டு வகையிலும் பிடிக்கும். அதை மட்டும் பார்த்து அடினோ என்று எழுதினால் தப்பாகிவிடும். சினாப்டோஃபைசின் போன்றவை பிடித்தால் ஸ்மால் செல் பக்கம், நாப்சின் பிடித்தால் அடினோ பக்கம். கி-67 என்ற இன்னொரு சாயம், எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று காட்டும். ஸ்மால் செல்லில் முக்கால்வாசிக்கு மேல் இருக்கும். புகைக்காத ஓர் இளம் வயதுக்காரருக்கு ஸ்மால் செல் என்று ரிப்போர்ட் வந்து, கி-67 மிகக் குறைவாக இருந்தால், அது மெதுவாக வளரும் கார்சினாய்டு என்ற வேறு கட்டியாக இருக்கலாம். அப்போது இன்னொரு நிபுணரிடம் ஸ்லைடைக் காட்டுவதில் தவறே இல்லை.

நம் பீடிக்காரருக்கு ஸ்மால் செல் உறுதியாகிவிட்டது. மரபணு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். சில நாட்களுக்குள் கீமோ தொடங்கும். சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினோடு எட்டோபோசைட், மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, பெரும்பாலும் நான்கு சுற்று. இந்தக் கூட்டு 1980-களிலிருந்தே இருப்பது. நோய் மார்பின் ஒரு பக்கத்துக்குள், ஒரே கதிர்வீச்சுப் புலத்தில் அடங்குவதாக இருந்தால் கீமோவோடு சேர்த்துக் கதிர்வீச்சும் கொடுப்பார்கள். இங்கேயும் செல்லின் வேகத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக மூன்று வாரத்தில் கதிர்வீச்சை முடித்தபோது ஐந்தாண்டு தாண்டியவர்கள் 26 சதவீதம். ஒரு வேளையாக ஐந்து வாரம் கொடுத்தபோது 16 சதவீதம். 1999-ல் வெளியான அமெரிக்கச் சோதனையின் முடிவு இது. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே செல்கள் மீண்டும் பெருக விடாததுதான் காரணம்.

முதல் இரண்டு சுற்றுக்குள் முகவீக்கம் வற்றிவிடும், ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கும். குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விடும் கட்டம் இது. மருத்துவர் மட்டும் அளந்துதான் பேசுவார். பரவிய ஸ்மால் செல்லில் பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்குகிறது, பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலேயே திரும்புகிறது. திரும்பும்போது பழைய மருந்துக்குப் பணிவதில்லை. முப்பது வருடம் இந்த நிலை அசையவில்லை. 2018-ல் எதிர்ப்புச்சக்தியைத் தூண்டும் அடிசோலிசுமாப் என்ற ஊசியைக் கீமோவோடு சேர்த்தபோது, நடுநிலை ஆயுள் 10.3 மாதத்திலிருந்து 12.3 மாதமானது. இரண்டே மாதம், ஆனாலும் பெரிய செய்தியாயிற்று. பரவாத நிலையில் கிடைத்தது இன்னும் பெரியது: கதிர்வீச்சும் கீமோவும் முடிந்தபின் துர்வாலுமாப் கொடுத்தபோது 33.4 மாதம் 55.9 மாதமாக நீண்டதாக 2024-ல் முடிவு வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டார்லட்டாமாப், ஸ்மால் செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தையும் நோயாளியின் வெள்ளணுவையும் ஒரே மூலக்கூறில் பிடித்துக் கட்டுகிறது. கட்டியை நடத்தாத, ஆனால் கட்டியின் மேல் அடையாளமாக நிற்கும் புரதத்தைப் பிடித்திருப்பது நல்ல யோசனை.

அறுவைக்கு இங்கே அறவே இடமில்லையா என்றால், உண்டு. நிணநீர் முடிச்சுகளில்கூட நோய் இல்லை என்று பெட் ஸ்கேனிலும் ஊசிப் பரிசோதனையிலும் உறுதியான மிகச் சிறிய கட்டிக்கு அறுவை செய்து, பின்னால் கீமோவும் கொடுக்கிறார்கள். நூற்றில் ஐந்து பேர்கூடத் தேற மாட்டார்கள்.

இரண்டாமவர் ஐம்பது வயதுப் பெண். புகை என்றால் அடுப்புப் புகை மட்டும்தான் தெரியும். மூன்று மாத இருமலுக்கு டி.பி. மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். நம் ஊரில் இந்தத் தாமதம் சகஜம். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சளியில் டி.பி. கிருமி காணாமலே மருந்து தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் நிழல் குறையவில்லை என்றால் ஸ்கேனும் பயாப்ஸியும் கேட்டாக வேண்டும். இவருக்கு ஸ்கேனில் நுரையீரலின் ஓரத்தில் மூன்று சென்டிமீட்டர் கட்டி, பக்கத்தில் நீர் கோத்திருக்கிறது. அந்த நீரிலேயே அடினோ செல்கள் இருக்கின்றன. நீரில் நோய் வந்துவிட்டால் அது பரவிய நிலை, எனவே இவருக்கும் அறுவை இல்லை. கட்டி ஓரத்தில் மட்டும் நின்றிருந்தால் முதல் சிகிச்சையே அறுவையாக இருந்திருக்கும்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. மரபணு முடிவு வர ஒன்றிரண்டு வாரமாகும். குடும்பம் தவிக்கும். “எதாவது ஆரம்பிச்சிடுங்க டாக்டர்” என்பார்கள். மூச்சுத் திணறல் மோசமாக இல்லாதவரை காத்திருப்பதே சரி என்பதற்கு 2009-ல் வெளியான ஐபாஸ் என்ற சோதனை சான்று. கிழக்கு ஆசியாவில் புகைக்காத, அல்லது கொஞ்சமே புகைத்த 1217 அடினோ நோயாளிகளில் பாதிப் பேருக்கு கெஃபிடினிப் மாத்திரை, பாதிப் பேருக்குக் கீமோ. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தவர்களுக்கு மாத்திரை நோயை 9.5 மாதம் அடக்கியது, கீமோ 6.3 மாதம். மாற்றம் இல்லாதவர்களிடம் தலைகீழ்: மாத்திரை 1.5 மாதம், கீமோ 5.5 மாதம். புகைக்காத பெண், அடினோ, ஆசியர் என்ற அடையாளங்களை மட்டும் நம்பி மாத்திரை கொடுத்திருந்தால் இந்த இரண்டாம் கூட்டத்துக்குக் கெடுதல்தான் நடந்திருக்கும். புகைத்தவருக்கும் சில சமயம் இந்த மாற்றம் இருப்பதால், பீடி பிடித்தவர் என்று சொல்லி அடினோவில் சோதனையைத் தவிர்ப்பதும் தப்பு.

நம் நோயாளிக்கு மாற்றம் இருக்கிறது. பழைய மாத்திரையைவிட ஒசிமெர்டினிப் நீண்ட காலம் அடக்குகிறது: 10 மாதத்துக்குப் பதில் ஏறக்குறைய 19 மாதம். அந்தச் செலவைத் தாங்காதவர்களுக்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஒரு வழி காட்டியது. கெஃபிடினிப்போடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் கீமோவைச் சேர்த்தால் நோய் அடங்கியிருக்கும் காலம் 8 மாதத்திலிருந்து 16 ஆகிறது. பக்கவிளைவுகள் கூடுவது அதன் விலை. மாறாக, நீண்ட காலம் புகைத்தவரின் அடினோவில் ஒற்றைச் சுவிட்சு பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் மாற்றங்கள் குவிந்திருப்பதால் எதிர்ப்புச்சக்தி அதை அந்நியமாக அடையாளம் காண்பது சுலபம். அதைத் தூண்டும் ஊசிகள் அவர்களிடம் அதிகம் பலிக்கின்றன. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றமுள்ளவர்களிடம் அதே ஊசிகள் பெரும்பாலும் பலிப்பதில்லை.

மாத்திரையும் ஒரு நாள் தோற்கும். நூற்றில் மூன்று முதல் பத்துப் பேரிடம் அது தோற்கும் விதம் இந்த இரண்டு நோய்களையும் ஒரே உடம்பில் சேர்த்துவிடுகிறது. அடினோவாகத் தொடங்கிய கட்டி ஸ்மால் செல்லாக மாறித் திரும்பி வருகிறது. சிகரெட்டே தொடாதவரிடம்! புதிய நோய் ஒட்டிக்கொண்டதல்ல அது. அந்தச் செல்களில் பழைய ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் அப்படியே இருக்கும். கூடவே டிபி53-ம் ஆர்பி1-ம் செயலிழந்திருக்கும். செல் வேறு உருவம் எடுத்து, சுவிட்சை நம்பாமலே வாழக் கற்றுக்கொண்டது.

இதைக் கண்டுபிடிப்பதில்தான் இன்றைக்குப் பிழை நேர்கிறது. மாத்திரை தோற்றதும் ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்வது இப்போது வழக்கம். மறுபடி சதை எடுக்க வேண்டாம் என்பதால் நோயாளிக்கும் பிடிக்கும். ஆனால் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. மரபணு எழுத்தைக் காட்டுமே தவிர, செல்லின் உருவத்தைக் காட்டாது. ரிப்போர்ட்டில் பழைய மாற்றம் அப்படியே இருக்கும், அடினோதான் தொடர்கிறது என்று தோன்றும். பல மாதம் அடங்கியிருந்த கட்டி சில வாரங்களில் திடீரென வீங்கினால், கல்லீரலில் புதுக் கட்டிகள் கிளம்பினால், சோடியம் இறங்கினால், வளரும் இடத்திலிருந்து மறுபடி சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும். ஸ்மால் செல் என்று வந்தால் அந்தப் பெண்ணுக்கும் பீடிக்காரருக்குக் கொடுத்த அதே எட்டோபோசைட் சுற்றுகள்தான். மாறாத அடினோ செல்கள் உடம்பில் எங்கேனும் மீதி இருக்கக்கூடும் என்பதால், பல மருத்துவர்கள் கீமோ நடக்கும்போதும் மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை.